விலைக்கு மேல் ஒரு விலை

புதுக்கடை என்றதும் நீதிமன்றங்களே நினைவுக்கு வரும். ஆனால் வழக்கில்லாத குடும்பத்தாரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் அங்குள்ள நொத்தாரிசின் படியேற நேர்கிறது. வீடு வாங்கும்போதுதான். பத்திரிகையில் பார்த்த விலை முழு விலையன்று என்பது பலருக்கு அந்த மேசையின் முன்னே அமர்ந்த பின்னரே தெரியவருகிறது.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டிற்கு மூன்று கோடி ரூபாய் விலை குறித்திருப்பதாகக் கொள்வோம். முதலில் வருவது முத்திரைத் தீர்வை. இது மாகாணத்திற்குரிய வரி. வாங்குபவரே செலுத்த வேண்டியது. முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3 வீதம், அதாவது 3,000 ரூபாய். மிகுதி 2 கோடியே 99 இலட்சத்துக்கு நூற்றுக்கு 4 வீதம், 11,96,000 ரூபாய். ஆக 11,99,000 ரூபாய். நொத்தாரிசின் கூலி பேச்சுக்கு உட்பட்டது. நூற்றுக்கு ஒன்றென்று கொண்டால் மேலும் 3 இலட்சம். பதினைந்து இலட்சம் ரூபாய் இவ்வாறு போய்விடுகிறது! வங்கிக் கடன் வீட்டை ஈடாக வைத்துத் தரப்படுவது. இச்செலவுக்கு நம் கைப்பணமே வேண்டும்.

இங்கேதான் ஒரு சபலம் எழுகிறது. உறுதியில் இரண்டு கோடி என்று எழுதினால் தீர்வையில் 4 இலட்சம் மிஞ்சுமே என்று விற்பவரோ தரகரோ காதோடு சொல்வதுண்டு. தீர்வை சொத்தின் உண்மை மதிப்பின்மேல் விதிக்கப்படுவது. மாகாண இறைவரித் திணைக்களத்தார் தாமே மதிப்பிட்டு, குறைந்த தொகையைக் கேட்கவும் கூடும். அதற்கும் மேலே ஒன்றுண்டு. 2018 ஏப்ரல் முதல் மூலதன இலாபத்துக்கு மீண்டும் வரி வந்துள்ளது. நாளை அதே வீட்டை மூன்று கோடிக்கே விற்றாலும், உறுதியிலுள்ள இரண்டு கோடிதான் வாங்கிய விலையாகும். வராத ஒரு கோடி இலாபத்துக்கு வரி கேட்பார்கள். விற்றவர் அப்போது எங்கிருப்பாரோ!

காணிப் பதிவகத்தில் செலுத்தும் கட்டணம் இவற்றின் முன் அற்பமே. ஆயினும் அதில் கருத்தாயிருத்தல் வேண்டும். பதியப்படாத உறுதி, அதே சொத்துக்குப் பின்னர் விலைகொடுத்து எழுதி முன்னதாகப் பதிந்த உறுதியிடம் தோற்றுவிடும். நொத்தாரிசு கையொப்பமிட்டவுடன் காரியம் முடிந்ததெனப் பெட்டியில் பூட்டி வையாமல், பதிந்த இலக்கமிட்ட மூல உறுதியைக் கேட்டு வாங்குக.

எஞ்சியது மாடிக் கட்டடத்தின் சங்கக் கட்டணம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டமும் அதன் திருத்தங்களும் வகுத்தபடி, வீட்டு உரிமையாளர் யாவரும் சேர்ந்த முகாமைக் கூட்டுத்தாபனம் மின்தூக்கி, நீர்ப்பம்பி, காவல் முதலியவற்றுக்குத் தத்தம் பங்குக்கேற்ப மாதந்தோறும் பணம் திரட்டும். பழைய மாடிகளில், முன்னவர் பல மாதம் கட்டாமல் விட்ட பாக்கி புதியவர் தலையில் இறங்குவது கேள்விப்படாததன்று. எனவே முற்பணம் கொடுக்கும் முன்பே, பாக்கியில்லை என்ற கடிதத்தையும், பெரிய பழுதுகளுக்கென ஒதுக்கிய நிதியின் இருப்புக் கணக்கையும் கேட்க வேண்டும். கட்டடத்துக்கு வயது முப்பது, மின்தூக்கி அடிக்கடி நிற்கிறது, நிதியோ வெறுமை என்றால், அந்த மின்தூக்கியின் விலையில் ஒரு பங்கும் நாம் வாங்கும் வீட்டின் விலையோடு சேர்ந்ததே.