குனிய வைக்கும் கண்ணாடி

மேல்தாடையின் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் என்றால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். பல்லை நேராகப் பார்த்துவிட வேண்டுமென்று மருத்துவர் குனிவார், இடுப்பை முறுக்குவார், தலையைப் பக்கவாட்டில் சாய்ப்பார். விரல்கள் வேலை செய்துகொண்டே இருக்கும். கழுத்தும் முதுகும் அப்படியே விறைத்து நிற்கும். வலியின் தொடக்கம் இந்த அசையாமைதான். இறுகியே கிடக்கும் தசைக்கு ரத்தம் சரியாகப் போவதில்லை.

மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. அமெரிக்க முதுகெலும்பு அறுவை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, தலை 60 டிகிரி குனிந்தால் கழுத்தின் மீது விழும் பாரம் ஏறக்குறைய 27 கிலோ.

இந்தப் பல்லுக்கு முதலில் மாற வேண்டியது நோயாளியின் கிடை. பலர் நாற்காலியைப் பாதி சாய்த்ததோடு விட்டுவிடுகிறார்கள். மேல்தாடை வேலைக்கு முழுக்கப் படுக்க வைத்து, தலையணைப் பகுதியைத் தாழ்த்தி, மோவாய் மேலே தூக்கியிருக்கும்படி செய்ய வேண்டும். வாய் மருத்துவரின் முழங்கை உயரத்துக்கு வரட்டும். பிறகு அவர் நோயாளியின் உச்சந்தலைக்குப் பின்னால் நகர்ந்து, சிறு வாய்க்கண்ணாடியில் பல்லைப் பார்த்தபடி வேலை செய்யலாம். கண்ணாடியில் பார்த்துச் செய்ய ஆரம்பத்தில் கை தடுமாறும்; பழகினால்தான் வரும். கீழ்த்தாடைக்கு இதே தலையணையை உயர்த்தி, மோவாயைத் தாழ்த்த வேண்டும்.

அடுத்தது லூப் என்னும் உருப்பெருக்கிக் கண்ணாடி. இதை மாட்டிக்கொண்டால் கழுத்து வலி போய்விடும் என்பது பாதி உண்மை. தவறான லூப் வலியைக் கூட்டும்.

லூப்பில் காட்சி தெளிவாகத் தெரிவது ஒரு குறிப்பிட்ட தூரத்தில் மட்டுமே. அந்தத் தூரம் 35 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உயரமான மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் அவர் கண்ணிலிருந்து பல் 48 சென்டிமீட்டரில் இருக்கும். தெளிவு கிடைக்க அவர் 13 சென்டிமீட்டர் குனிந்தே தீர வேண்டும். கண்ணாடி அவரைப் பிடித்து இழுக்கிறது என்றே சொல்லலாம். இன்னொன்று, குழல்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். சாய்வு போதாவிட்டால் கண் செய்ய வேண்டிய வேலையைக் கழுத்து செய்யும். கண்ணாடிச் சில்லிலேயே குழல் பதிக்கப்பட்ட வகையில் இந்தக் கோணத்தைப் பிறகு மாற்ற வழியில்லை.

ஆகவே அளவெடுக்கும் நேரம்தான் முக்கியம். கண்காட்சி ஸ்டாலில் நின்றபடி அளவு கொடுப்பது காசைக் கரியாக்குகிற காரியம். தன் ஸ்டூலில், நிமிர்ந்த முதுகோடு, முன்னால் ஒருவரைப் படுக்க வைத்துத்தான் அளக்கச் சொல்ல வேண்டும். வாங்கிய பின் வேலை நடக்கும்போது பக்கவாட்டிலிருந்து உதவியாளரைப் படம் எடுக்கச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். தலை 25 டிகிரிக்கு மேல் குனிந்திருந்தால், முதலில் நாற்காலியின் உயரத்தைச் சரிபார்க்கலாம்; அது சரியாக இருந்தால், லூப்பை விற்றவரிடமே திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான்.