ஒன்பது ஆண்டுக் குத்தகையும் நூறு ரூபாய்த் தாளும்

பெருங்குடியில் ராஜீவ் காந்தி சாலையை ஒட்டிய தெருக்களிலும் தொழிற்பேட்டையிலும் எழுதப்படும் நீண்டகாலக் குத்தகைப் பத்திரங்களில் ஒரு வகை, பார்த்தவுடன் குறையேதும் இல்லாததாகவே தோன்றும். முதல் பக்கம் நூறு ரூபாய் முத்திரைத்தாள், அடுத்த பக்கங்கள் பச்சை நிறத் தாள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருவரின் கையெழுத்து, கடைசிப் பக்கத்தில் இரு சாட்சிகள், அவற்றின் மேல் நோட்டரியின் வட்ட முத்திரை என எல்லாம் அதில் இருக்கும். இத்தனை இருந்தும், 'ஒன்பது ஆண்டுகள்' என்று அதில் எழுதியுள்ள காலத்தை நீதிமன்றத்தில் நிலைநாட்ட அந்தப் பத்திரம் உதவாமல் போகலாம். நோட்டரியின் முத்திரை, கையெழுத்திட்டவர் இன்னார் என்பதற்கு அத்தாட்சி தருமே தவிர, சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்யும் பதிவுக்கு அது ஈடாகாது. அரசுக்குச் சேரவேண்டிய முத்திரைத் தீர்வையைச் செலுத்தியதாகவும் ஆகாது.

பதிவின்மையும் தீர்வைக் குறைவும் பேச்சுவழக்கில் ஒரே குறையாகக் கலந்து பேசப்பட்டாலும், அவை இரு வேறு சட்டங்களிலிருந்து வருபவை, விளைவிலும் வேறுபட்டவை. முதலாவது, 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் சேர்ந்து விதிப்பது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையையும், ஆண்டுதோறும் தொடரும் குத்தகையையும், ஆண்டு வாடகை குறித்த குத்தகையையும் பதிவு செய்த பத்திரத்தால் மட்டுமே உண்டாக்க முடியும் என்று முன்னதன் 107ஆம் பிரிவு கூறுகிறது. பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அத்தகைய பத்திரத்தைக் கட்டாயப் பதிவுக்கு உட்படுத்த, 49ஆம் பிரிவு, பதிவாகாத பத்திரம் அந்தச் சொத்தைப் பாதிக்காது என்றும், அச்சொத்தைப் பற்றிய நடவடிக்கைக்குச் சாட்சியமாக ஏற்கப்படாது என்றும் முடிக்கிறது. சென்னை முழுதும் வாடகை ஒப்பந்தங்கள் பதினோரு மாதத்துக்கே எழுதப்படும் பழக்கம் இந்த ஓராண்டு எல்லையைத் தாண்டாமல் இருக்கும் உத்தியிலிருந்து வந்தது.

பதிவாகாத ஒன்பது ஆண்டுக் குத்தகையை வைத்திருப்பவர் சட்டத்தின் கண்ணில் அத்துமீறி நுழைந்தவராகிவிடுவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கேரளத்திலிருந்து வந்த ஆந்தனி எதிர் கே.சி. இட்டூப் அண்டு சன்ஸ் வழக்கில் ஐந்தாண்டுக்கு எழுதப்பட்ட குத்தகைப் பத்திரம் பதிவாகாமல் இருந்தது. அந்தப் பத்திரத்தால் குத்தகை உண்டாகவில்லை என்று 2000ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்ட உச்ச நீதிமன்றம், இடத்தை ஒப்படைத்து வாடகையை வாங்கிவந்த நடத்தையால் மாதந்தோறும் தொடரும் வாடகை உறவு ஒன்று உண்டாகியிருக்கிறது என்று தீர்த்தது. அதாவது குத்தகைதாரர் என்ற நிலை பிழைக்கிறது, காலம் மட்டும் செத்துவிடுகிறது. ஒன்பது ஆண்டு என்று நம்பி உள்ளரங்க வேலைக்கும் குளிர்சாதன வசதிக்கும் மின் இணைப்புக்கும் செலவழித்தவருக்கு மிஞ்சுவது, சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு பதினைந்து நாள் அறிவிப்பில் முடித்துவிடக்கூடியதாகக் கருதும் மாத வாடகை.

பதிவாகாத பத்திரத்துக்கு 49ஆம் பிரிவு ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: பதிவு தேவைப்படாத ஒரு துணை நோக்கத்துக்காக அதைக் காட்டலாம். இந்தத் 'துணை நோக்கம்' என்ற சொல்லில்தான் பெரும்பாலான வழக்குகள் தடுக்கி விழுகின்றன. இடத்தில் இருப்பவர் எப்போது வந்தார், உரிமையாளரின் இசைவோடு வந்தாரா என்பன போன்றவற்றைக் காட்ட அதைப் பயன்படுத்தலாம்; ஆனால் குத்தகையின் காலம், வாடகை, புதுப்பிக்கும் உரிமை போன்ற நிபந்தனைகளைத் துணை நோக்கம் என்ற பெயரில் உள்ளே கொண்டுவர முடியாது. இந்தத் தடை குத்தகைதாரருக்கு மட்டும் என்று எண்ணும் உரிமையாளர்களுக்கு, 2008இல் தீர்ப்பான கே.பி. சாஹா அண்டு சன்ஸ் வழக்கு நல்ல பாடம். குறிப்பிட்ட ஓர் அலுவலர் குடியிருப்பதற்காக மட்டும் என்ற நிபந்தனையோடு ஒரு நிறுவனத்துக்கு வீட்டை விட்ட உரிமையாளர், வேறொருவரைக் குடியமர்த்தியதைக் காரணம் காட்டி வெளியேற்றம் கோரினார். அந்த நிபந்தனை குத்தகையின் முக்கியக் கூறு, துணை நோக்கம் அல்ல, பதிவாகாத பத்திரத்திலிருந்து அதை எடுத்துக்காட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட, பத்திரத்தை எழுதிக்கொண்டவரே அதை நம்ப முடியாத நிலை ஏற்பட்டது.

தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கு இதைவிட நெருக்கமான வழக்கு, 2023இல் தீர்ப்பான பால் ரப்பர் இண்டஸ்ட்ரீஸ் எதிர் அமித் சந்த் மித்ரா. மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, உற்பத்திக்காக விடப்பட்ட இடத்தை ஆண்டுக் குத்தகையாகவும், மற்ற இடங்களை மாதக் குத்தகையாகவும் 106ஆம் பிரிவு கொள்வதால், உற்பத்தியாளருக்கு ஆறு மாத அறிவிப்பும் மற்றவருக்குப் பதினைந்து நாள் அறிவிப்பும் கிடைக்கும். தன் இடம் உற்பத்திக்காக விடப்பட்டது என்பதைக் காட்டப் பதிவாகாத ஐந்தாண்டுப் பத்திரத்தைக் குத்தகைதாரர் நீட்டினார். தகராறே எதற்காக விடப்பட்டது என்பதில் இருக்கையில் அந்த நோக்கம் துணை நோக்கமாகாது என்று நீதிமன்றம் மறுத்தது. பெருங்குடியில் பதிவின்றி இடமெடுத்துப் பட்டறை நடத்துபவருக்கும் இதே நிலைதான். பத்திரத்தில் 'உற்பத்திக்காக' என்று எழுதியிருப்பதால் மட்டும் ஆறு மாத அறிவிப்பு வந்துவிடாது.

இரண்டாவது குறை 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்திலிருந்து வருவது. உரிய தீர்வை செலுத்தாத பத்திரம் எந்த நோக்கத்துக்காகவும் சாட்சியமாக ஏற்கப்படாது என்று அதன் 35ஆம் பிரிவு கூறுவதால், பதிவுச் சட்டம் திறந்து வைத்த துணை நோக்கம் என்ற சிறு வாசலும் இங்கே அடைபட்டுவிடுகிறது. இதை 2008இல் அவினாஷ் குமார் சௌகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் அடைபட்ட இந்த வாசலைப் பணத்தால் திறக்க முடியும். பத்திரத்தை நீதிமன்றம் கைப்பற்றி வைத்துக்கொண்டு, குறைந்த தீர்வையையும் அதன் பத்து மடங்கு அபராதத்தையும் வசூலித்தபின் சாட்சியத்தில் சேர்க்கலாம்.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் சுமை விளங்கும். பெருங்குடியில் மாதம் 50,000 ரூபாய் வாடகையில் ஒன்பது ஆண்டுக்கு ஒரு கடை விடப்பட்டதாகக் கொண்டால், 108 மாத வாடகை 54 லட்ச ரூபாய் ஆகிறது. தமிழ்நாட்டில் முப்பது ஆண்டுக்குட்பட்ட குத்தகைக்கான தீர்வை மொத்த வாடகை முதலியவற்றில் 1 சதவீதம் என்பதால், வாடகைக்கு மட்டும் செலுத்த வேண்டியது 54,000 ரூபாய். நூறு ரூபாய்த் தாளில் எழுதியிருந்தால் குறைவு 53,900. பத்து மடங்கு அபராதம் 5,39,000. இரண்டும் சேர்ந்து 5,92,900 ரூபாய். இத்தனையும் கட்டியபின் பத்திரம் நீதிமன்றத்துக்குள் நுழையும், ஆனால் பதிவாகாத பத்திரமாகவே நுழையும். ஏறத்தாழ ஆறு லட்ச ரூபாய்க்கு வாங்கியது மேலே சொன்ன துணை நோக்கம் ஒன்றை மட்டுமே. ஒன்பது ஆண்டு திரும்பி வருவதில்லை.

இரு குறைகளும் ஒரே பத்திரத்தில் சேர்ந்திருந்த வழக்கு ஒன்று அஸ்ஸாமில் நடந்தது. எஸ்.எம்.எஸ். டீ எஸ்டேட்ஸ் நிறுவனம், சாந்த்மாரி டீ கம்பெனியின் இரு தேயிலைத் தோட்டங்களை முப்பது ஆண்டுக்குக் குத்தகைக்கு எடுத்த 2006 டிசம்பர் பத்திரத்துக்குப் பதிவும் இல்லை, உரிய தீர்வையும் இல்லை. தகராறை நடுவர் தீர்க்க வேண்டும் என்ற விதி அதில் இருந்ததால், அந்த விதியையாவது பயன்படுத்த முடியுமா என்பது கேள்வி. 2011இல் உச்ச நீதிமன்றம் பதிவின்மையையும் தீர்வையின்மையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது: நடுவர் விதி குத்தகையிலிருந்து பிரிக்கத்தக்க தனி ஒப்பந்தம், அதற்குப் பதிவு தேவையில்லை, ஆகவே பதிவின்மை அதைக் கெடுக்காது, ஆனால் தீர்வை செலுத்தாதவரை முழுப் பத்திரத்தையும், அந்த விதியையும் சேர்த்து, நீதிமன்றம் தொடவே முடியாது. இதன் இரண்டாம் பாதியை 2023 டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு விலக்கிவைத்தது. தீர்வைக் குறைவு பத்திரத்தைச் செல்லாததாக்குவதில்லை, சாட்சியமாக ஏற்க முடியாததாக மட்டுமே ஆக்குகிறது, அது நீக்கத்தக்க குறை, அதை நடுவரே பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் முடிவு. இந்தத் தீர்ப்பைக் கேட்டுத் தீர்வையில்லாத குத்தகையும் செல்லுபடியாகிவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. தீர்வை செலுத்தும் கடமையை அது தள்ளுபடி செய்யவில்லை. நீண்டகாலக் குத்தகைக்குப் பதிவு தேவை என்ற விதியையும் அது அசைக்கவில்லை.

வழக்கு நடத்துகையில் இந்த இரு குறைகளுக்கும் இடையே இன்னொரு வேற்றுமை வெளிப்படும். பத்திரத்தைச் சான்றாவணமாகக் குறியிடும் தருணத்திலேயே தீர்வை பற்றிய ஆட்சேபத்தை எழுப்பாவிட்டால், முத்திரைச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி அதே வழக்கில் பின்னர் எழுப்ப முடியாது. மூலப் பத்திரம் தொலைந்து ஒளிநகல் மட்டும் கையிலிருந்தால் அபராதம் கட்ட முன்வந்தாலும் பயனில்லை. கைப்பற்றித் தீர்வை வசூலிப்பது மூலப் பத்திரத்துக்கே பொருந்தும் என்று 2007இல் ஹரிஓம் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மூலத்தை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு நகலோடு திரும்பும் குத்தகைதாரர்கள் இதை அறிந்திருப்பதில்லை.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய சட்டம் வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது. அங்கு பெறும் எண்ணையே பத்திரப்பதிவு என்று எண்ணுவது புதிய குழப்பம். அது வேறு ஏட்டில் சேர்வது, சார்பதிவாளரின் பதிவு வேறு ஏட்டில் சேர்வது. வில்லங்கச் சான்று எடுக்கும்போது வெளிப்படுவது பின்னது. கட்டடத்தை வாங்க வருபவர் சான்றில் குத்தகை எதையும் காணாமல் வாங்கிவிட்டால், பழைய உரிமையாளர் ஒன்பது ஆண்டுக்கு வாக்களித்தார் என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை.

தீர்வைக் குறைவைப் பணம் கட்டிப் பின்னாலும் நேர்செய்யலாம். பதிவுக்கு அப்படி நீண்ட கெடு கிடையாது. கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால், பதிவுக் கட்டணத்தின் பத்து மடங்கு வரை அபராதம் பெற்றுக்கொண்டு மாவட்டப் பதிவாளர் மேலும் நான்கு மாதம் வரை இடம் கொடுக்கலாம். எட்டு மாதமும் கடந்துவிட்டால் பழைய பத்திரத்தைப் பதிவு செய்ய வழியில்லை. புதிதாக எழுதி, இருவரும் மீண்டும் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய வேண்டும். வாடகை ஏறியிருக்கும் தெருவில், வேறொருவர் கூடுதலாகத் தர முன்வந்திருக்கும் நேரத்தில், அந்த இரண்டாம் கையெழுத்தைப் போட உரிமையாளர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர வேண்டும்.