10 ஆம்பியர்னு போட்டிருந்தா போதுமா? ரிலே, கான்டாக்டர், எஸ்எஸ்ஆர்

இந்த எபிசோட் தி. நகர் லிஸனர் ஒருத்தர் அனுப்பின கேள்வியிலேர்ந்து ஆரம்பிக்குது. அவங்க அபார்ட்மென்ட்ல சம்ப்லேர்ந்து மொட்டைமாடி டேங்க்குக்குத் தண்ணி ஏத்த 1 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் இருக்கு. டேங்க் நிறைஞ்சதும் அது தானா நிக்கணும். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின நீலக் கலர் ரிலே போர்டு கையில இருக்கு. அதுல 10 ஆம்பியர், 250 வோல்ட்னு அச்சடிச்சிருக்கு. மோட்டார் ஓடும்போது 6 ஆம்பியர்தான் இழுக்குது. அப்போ அந்த ரிலே போதும்தானே?

போதாது. ஏன்னு புரிஞ்சுக்க, ரிலேக்குள்ள என்ன நடக்குதுன்னு முதல்ல பார்ப்போம்.

ரிலேங்கிறது ஒரு சின்ன மின்காந்தம், ஒரு ஸ்பிரிங், ரெண்டு உலோகப் பொட்டு. காயிலுக்கு கரன்ட் கொடுத்தா பொட்டுகள் ஒட்டும், எடுத்தா ஸ்பிரிங் பிரிச்சுவிடும். ஒட்டுற அந்த நொடியில பொட்டுகள் ஒரே தடவையில அமைதியா சேராது. கேரம் காயின் மாதிரி சில மில்லி செகண்டுக்குத் துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் ஒரு குட்டித் தீப்பொறி வரும், பொட்டோட மேற்பரப்பு கொஞ்சம் உருகும்.

மோட்டார் சுத்தாம நிக்கும்போது அதோட வைண்டிங் கரன்டைத் தடுக்கிறது ரொம்பக் கம்மி. அதனால ஸ்டார்ட் ஆகும்போது, ஓடும் கரன்டைவிட 5, 6 மடங்கு இழுக்கும். நம்ம 6 ஆம்பியர் மோட்டார் ஒரு கண நேரம் 30 ஆம்பியருக்கு மேல போகும். ரிலேயோட பொட்டுகள் துள்ளிட்டிருக்கிறதும் சரியா அதே கணத்துலதான். உருகின ரெண்டு பொட்டும் சேர்ந்து இறுகினா வெல்டிங் ஆயிடும். அப்புறம் மென்பொருள் "ஆஃப்"னு எத்தனை தடவை சொன்னாலும் மோட்டார் நிக்காது. டேங்க் வழியும், சம்ப் காலியாகும், பம்ப் தண்ணியில்லாம ஓடி சீல் கருகும். லாரித் தண்ணி வாங்குற வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம்னு 2019 கோடையைப் பார்த்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இங்கதான் கான்டாக்டர் வருது. வேலை அதேதான், ஆனா மோட்டாரை மனசுல வெச்சே கட்டினது. காயில் பெரிசு, அழுத்தம் அதிகம். கரன்ட் ஒரு இடத்துல இல்லாம ரெண்டு இடத்துல பிரியும், அதனால தீப்பொறி சீக்கிரம் அணையும். இதோட பக்கவாட்டுல ரெண்டு ரேட்டிங் போட்டிருப்பாங்க. ஏசி-1ங்கிறது ஹீட்டர் மாதிரி சாதுவான லோடுக்கு. ஏசி-3ங்கிறது மோட்டாருக்கு, அதாவது ஸ்டார்ட்டிங் கரன்டையும் சேர்த்துக் கணக்குப் பண்ணினது. ஒரே கான்டாக்டர்ல ஏசி-3 9 ஆம்பியர், ஏசி-1 25 ஆம்பியர்னு இருக்கும். கடையில "25 ஆம்பியர் சார்"னு சொன்னா, எந்த ரேட்டிங்னு கேளுங்க. நம்ம மோட்டாருக்கு ஏசி-3ல 9 ஆம்பியர் போதும்.

அப்போ அந்த நீல ரிலே வீணா? இல்லை. ஈஎஸ்பி32 மாதிரி போர்டால 230 வோல்ட் காயிலை நேரா இயக்க முடியாது. அதனால போர்டு ரிலேயை இயக்கும், ரிலே கான்டாக்டர் காயிலை இயக்கும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கும். காயில் அணையும்போது வர்ற வோல்டேஜ் துள்ளல் போர்டை ரீசெட் பண்ணாம இருக்க, காயிலுக்குக் குறுக்கே ஒரு ஆர்சி ஸ்னப்பர் போடணும்.

கான்டாக்டருக்கும் குறைகள் உண்டு. டப்னு சத்தம் போடும், இடம் பிடிக்கும். அது மோட்டாரைப் பாதுகாக்காது, வெறும் ஸ்விட்ச்தான். கூடவே ஓவர்லோட் ரிலே மாட்டி, மோட்டார் பிளேட்ல இருக்கிற ஆம்பியருக்கு அதை செட் பண்ணணும். இன்னொண்ணு, 230 வோல்ட் காயில் இழுத்துப் பிடிக்க 85 சதவீதம், அதாவது சுமார் 195 வோல்ட் வேணும். கோடை ராத்திரியில எல்லா வீட்டு ஏசியும் ஓடி வோல்டேஜ் ரொம்ப இறங்கினா, கான்டாக்டர் கடகடன்னு அடிச்சுக்கும். அந்தச் சத்தம் கேட்டா உடனே அணைச்சுடுங்க. அப்படி அடிச்சுக்கும்போது கான்டாக்டர்கூட வெல்ட் ஆகும்.

இப்போ ஹீட்டருக்கு வருவோம். 2000 வாட் கீஸர்னா 8.7 ஆம்பியர். ஹீட்டருக்கு ஸ்டார்ட்டிங் துள்ளல் கிட்டத்தட்ட கிடையாது, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவைதான் ஆன் ஆகும். இதுக்கு ரிலே போதும். ஆனா மணிக்கணக்கா 8.7 ஆம்பியர் போனா அந்தச் சின்ன போர்டோட ஸ்க்ரூ டெர்மினல் சூடாகும். அதனால 25 ஆம்பியர் போல பெரிய ரிலேயா எடுங்க.

ஆனா எல்லா ஹீட்டரும் கீஸர் இல்லை. மயிலாப்பூர் நண்பர் ஒருத்தர் வீட்லயே காபிக் கொட்டை வறுக்க, 2000 வாட் ஹீட்டர் வெச்சு ஒரு மெஷின் கட்டினார். வெப்பம் சீரா இருக்க, கன்ட்ரோலர் ஒவ்வொரு 10 செகண்டுலயும் கொஞ்ச நேரம் ஆன், கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணும். ஒரு நாளைக்கு 3 மணி நேரம் ஓடினா 1,080 தடவை. இந்த மாதிரி ரிலேக்கு முழு லோடுல டேட்டாஷீட் சொல்ற ஆயுள் ஒரு லட்சம் தடவை. வகுத்துப் பாருங்க, மூணே மாசம்.

எஸ்எஸ்ஆர், அதாவது சாலிட் ஸ்டேட் ரிலே, இந்த வேலைக்குத்தான். உள்ள நகர்ற பாகமே இல்லை, செமிகண்டக்டர்தான் கரன்டைத் திறந்து மூடுது. பொட்டு இல்லைன்னா துள்ளலும் இல்லை, தேய்மானமும் இல்லை. லட்சக்கணக்குல ஆன்-ஆஃப் பண்ணலாம், சத்தமே வராது.

இதுக்கு விலையா நீங்க கொடுக்கிறது சூடு. ஆன்ல இருக்கும்போது எஸ்எஸ்ஆர்ல சுமார் 1.3 வோல்ட் தங்கிடும். 8.7 ஆம்பியரோட பெருக்கினா 11 வாட். ஒரு 25 வாட் சால்டரிங் அயர்னோட பாதி சூடு, ஒரு தீப்பெட்டி சைஸ் டப்பாவுக்குள்ள. "25 ஆம்பியர்"னு போட்டிருக்கிறது நல்ல ஹீட்சிங்க் மாட்டினா மட்டும்தான். மூடின பெட்டிக்குள்ள, சென்னை மே மாசத்துல, அது இன்னும் குறையும். மோட்டாருக்கு எஸ்எஸ்ஆர் போடக் கூடாதுன்னு இல்லை. ஆனா ஸ்டார்ட்டிங் கரன்டும் அணைக்கும்போது வர்ற வோல்டேஜும் தாங்க ரொம்பப் பெரிசா எடுக்கணும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஓடுற பம்ப்புக்கு அது தேவையில்லாத செலவு.

எஸ்எஸ்ஆர் ஆஃப்ல இருந்தாலும் சில மில்லி ஆம்பியர் கசியும். அதனால லோடு இல்லாம மல்டிமீட்டர் வெச்சா கிட்டத்தட்ட முழு வோல்டேஜ் காட்டும், கெட்டுப்போச்சுன்னு நினைப்பீங்க. ஒரு 60 வாட் குண்டு பல்பை லோடா மாட்டிப் பாருங்க. ஆஃப்ல பல்பு எரியலைன்னா நல்லா இருக்கு, பளிச்சுனு எரிஞ்சா ஷார்ட். கசிவு எப்பவும் இருக்கிறதால, எஸ்எஸ்ஆரை அணைச்சுட்டு வயரைத் தொடவே கூடாது, எம்சிபியை இறக்கணும்.

கடைசியா, மூணுக்கும் பொதுவான விஷயம். இவை கெட்டுப்போகும்போது ஆன்லயே மாட்டிக்கலாம். எஸ்எஸ்ஆர் அப்படி மாட்டினா, வறுக்கிற மெஷின் நிக்காம சூடேறிட்டே போகும். அதனால அந்த மெஷின்ல எஸ்எஸ்ஆருக்கு முன்னாடி தொடரா ஒரு கான்டாக்டர் இருக்கு. அதோட காயில் தனியா ஒரு ஓவர்ஹீட் தெர்மோஸ்டாட் வழியா போகுது, நடுவுல மென்பொருளே கிடையாது. தினமும் ஆயிரம் தடவை ஆன்-ஆஃப் பண்றது எஸ்எஸ்ஆர். கான்டாக்டர் காலையில ஒரு தடவை சேரும், வேலை முடிஞ்சதும் பிரியும், எஸ்எஸ்ஆர் கைவிட்ட அன்னைக்கு நடுவுலயே பிரியும்.

230 வோல்ட் வயரிங்கை மட்டும் லைசென்ஸ் இருக்கிற எலக்ட்ரீஷியன்கிட்ட விடுங்க. எந்த ரேட்டிங்ல கான்டாக்டர் வாங்கணும்னு இப்ப நீங்களே அவர்கிட்ட சொல்லலாம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.