நீரிழிவு உள்ளவர்கள் கஞ்சியும் நீராகாரமும் அருந்தலாமா?

கஞ்சி தண்ணீராக இருப்பதால் இரத்தச் சர்க்கரையை உயர்த்தாது என்று பலர் எண்ணுகின்றனர். சர்க்கரையை உயர்த்துவது அரிசியின் மாவுச்சத்தே. தண்ணீர் சேர்ப்பதால் அது குறைவதில்லை. குழைய வெந்த அரிசி, குறிப்பாக நொய், விரைவில் செரிப்பதால் சர்க்கரையும் விரைவாக ஏறும்.

பழைய சோற்றை இரவு முழுவதும் ஊறவைக்கும்போது நன்மை தரும் நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. இவ்வமிலம் அரிசியிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்க உதவுகிறது; ஆனால் அரிசியில் இல்லாத இரும்பைப் புதிதாக உருவாக்குவதில்லை. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் சிறு பகுதி எளிதில் செரிக்காததாக மாறும். எஞ்சிய பெரும்பகுதி சர்க்கரையாகவே மாறும். சோற்றை நீக்கி வடித்த நீராகாரத்தில் மாவுச்சத்து மிகக் குறைவு.

இந்த வேறுபாட்டை அறியாவிடில் நேரக்கூடியதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கிளிமிபிரைடு மாத்திரை உட்கொள்ளும் 60 வயதுப் பெண்மணி ஒருவர் காலையில் 75 கிராம் நொய்யைக் கஞ்சியாக்கிக் குடிக்கிறார். அதில் ஏறத்தாழ 58 கிராம் மாவுச்சத்து உள்ளது. உணவு உண்ட 2 மணி நேரத்திற்குப் பின் அவரது சர்க்கரை அளவு 260 மி.கி. எனக் காட்டுகிறது. இதனால் அஞ்சிய அவர், மறுநாள் மாத்திரையை விழுங்கிவிட்டு நீராகாரத்தை மட்டும் அருந்துகிறார். முற்பகலில் வியர்வை, கை நடுக்கம், தலைச்சுற்றல் ஏற்படுகின்றன. சர்க்கரை 58 மி.கி.! மாத்திரை வேலை செய்யும். அதற்கு ஈடான உணவு வயிற்றில் இல்லை.

இந்நிலையில் உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதித்து, 70-க்குக் கீழ் இருப்பின் மறுபடியும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழைக்கவும்.

இவருக்கு ஏற்ற காலை உணவு, சுமார் 100 கிராம் பிழிந்த பழைய சோறு (மாவுச்சத்து ஏறத்தாழ 28 கிராம்), அதன் நீராகாரம், ஒரு கிண்ணம் பச்சைப்பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல் ஆகியவை. இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரைகள் உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே காலை உணவின் அளவைக் குறைக்க வேண்டும்.

உங்கள் உடலுக்கு இவ்வளவு பொருந்துகிறதா என்பதை நீங்களே அறியலாம். முதல் கவளம் உண்டதிலிருந்து 2 மணி நேரம் கழித்துப் பரிசோதியுங்கள். 180 மி.கி.க்கு மேல் தொடர்ந்து இருப்பின் சோற்றின் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பையும் ஊறுகாயையும் தவிர்க்கவும். சோறு ஆறியதும், வடித்த 2 மணி நேரத்திற்குள் நீரூற்றி மூடி வைக்கவும். இளம்புளிப்பு இயல்பானது; பிசுபிசுப்போ துர்நாற்றமோ இருந்தால் கொட்டிவிடவும். மீண்டும் கொதிக்க வைத்தாலும் அதிலுள்ள நச்சு அழியாது.