புதுப் பங்காளி வரும்போது

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை, இங்கே நாக்பூரில் என் தங்கை மகனும் அவன் நண்பனும் நடத்தும் சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் போட்டேன். மொத்தம் 10,000 பங்குகள். அவர்கள் இருவருக்கும் தலா 4,500, எனக்கு 1,000. பத்து சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் கம்பெனி பெரிய கடன் வாங்கக் கூடாது என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. எனக்கிருந்த காப்பு அது ஒன்றுதான்.

சென்ற வருடம் வெளியார் ஒருவர் பணம் போட வந்தார். அவருக்குப் புதிதாக 2,500 பங்குகள்.

"மாமா, போர்டில் தீர்மானம் போட்டாச்சு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்றான் பையன்.

பழைய பழக்கம், காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 12,500 ஆகிறது. என் 1,000 பங்கு அப்படியே இருக்கிறது. விகிதம் மட்டும் எட்டு சதவீதமாகிவிடுகிறது. ஷரத்தில் ஓர் எழுத்துகூட மாறாமலே என் உரிமை போய்விடும்!

பையன் ஏமாற்றவில்லை, அவனுக்கே இது தெரியவில்லை. போர்டு தீர்மானம் கம்பெனியின் முடிவு மட்டுமே. ஒப்பந்தமோ எங்கள் எல்லோருக்கும் இடையிலானது. எல்லோரும் கையெழுத்திட்டால்தான் திருத்த முடியும் என்று அதிலேயே எழுதியிருந்தது. நான் கேட்டதன் பேரில் 'பத்து' என்பதை 'எட்டு' என்று மாற்றி, புதியவரையும் சேர்த்து நால்வரும் திருத்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டோம்.

அதோடு விட்டுவிடக் கூடாது. கம்பெனியின் ஆர்ட்டிக்கிள்ஸ் என்னும் அமைப்பு விதிகளிலும் அதே ஷரத்து ஏற வேண்டும். ரங்கராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு குடும்பக் கம்பெனியில் பங்குகளை விற்பதானால் முதலில் தன் கிளையினருக்கே தர வேண்டும் என்று பேசி வைத்திருந்த ஒப்பந்தம் ஆர்ட்டிக்கிள்ஸில் இல்லாததால் செல்லாது என்று 1991-இல் சொல்லிவிட்டது.

அதனால் வேலையை வரிசையாகச் செய்தோம். முதல் போர்டு கூட்டத்தில், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் விலை அறிக்கை, திருத்தப் பத்திரத்தின் நகல், அதில் கம்பெனி சார்பில் கையெழுத்திடுபவர் யார் என்பது ஆகியவற்றை ஏற்று, பொதுக்குழுவைக் கூட்டத் தீர்மானித்தார்கள். பொதுக்குழுவில் புதுப் பங்கு வெளியீட்டுக்கும் ஆர்ட்டிக்கிள்ஸ் திருத்தத்துக்கும் தனித்தனிச் சிறப்புத் தீர்மானம்; வாக்களிப்பவர்களில் ஆதரவு, எதிர்ப்பைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். அவற்றை MGT-14 படிவத்தில் பதிவு செய்த பிறகே புதியவருக்கு அழைப்புக் கடிதம் கொடுத்தோம். அவர் பணம் தனி வங்கிக் கணக்கில் வந்தது. இரண்டாவது போர்டு கூட்டத்தில் பங்குகளை ஒதுக்கி, 15 நாளுக்குள் PAS-3 தாக்கல் செய்தோம். அதுவரை அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. லைன் க்ளியர் கிடைக்காமல் வண்டியை விடுவோமா?

சொந்தக்காரர் கம்பெனியில் பணம் போட்டிருக்கும் அன்பர்கள், ஒப்பந்தத்தை எடுத்து 'சதவீதம்' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். புதுப் பங்காளி வந்தபின் உங்கள் விகிதம் என்ன ஆகும் என்று பக்கத்திலேயே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு.