கடவுச்சீட்டுத் தொலைந்தால் விசா என்னாகும்?

கடவுச்சீட்டு ஒன்றேயெனினும் அதனுள் இரு அரசாங்கங்களின் சொல் அடங்கியிருக்கிறது. புத்தகம் நம் நாடு தந்தது. அதன் தாளில் ஒட்டப்பட்ட விசாவோ பிறநாடு தந்த அனுமதி. புத்தகம் தொலையும்போது இரண்டும் ஒருசேரத் தொலைகின்றன. ஆயின், இரண்டும் ஒருசேரத் திரும்புவதில்லை. புதிய கடவுச்சீட்டுக் கிடைத்ததும் காரியம் முடிந்ததென்று எண்ணுவோர் விமான நிலையத்திலேதான் விழித்துக்கொள்ள நேரிடும்.

நம் பிள்ளைகள் பலர் உயர்கல்வி நாடிச் சென்னைக்குச் செல்வதால் அவ்வூர் நடைமுறையையே எடுத்துக்கொள்வோம். யான் அறிந்த மாணவி ஒருத்தி, யாழ்ப்பாணத்தவள், தாம்பரத்திலிருந்து வந்த மின்சார ரயிலில் தன் கைப்பையைத் தவறவிட்டாள். மாணவர் விசா முடிவடைய இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன. தமக்கையின் திருமணத்துக்கோ ஐந்து வாரங்களே இருந்தன.

முதல் வேலை பொலிஸ் முறைப்பாடு. களவு போயிற்றென்றால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, முதல் தகவல் அறிக்கை எனப்படும் பத்திரத்தின் பிரதியைப் பெறவேண்டும். தவறவிட்டதாயின், தமிழ்நாட்டுப் பொலிஸார் இணையத்தின் மூலம் வழங்கும் தொலைந்த ஆவண அறிக்கை உண்டு. எதுவாயினும், கடவுச்சீட்டின் இலக்கம், விசாவின் இலக்கம், விசா வழங்கப்பட்ட இடம், தேதி யாவும் அதில் தெளிவாக இருத்தல் நலம். 'என் கடவுச்சீட்டைக் காணவில்லை' என்று மட்டும் எழுதிய காகிதம் பின்னர் விசா கேட்கும் இடத்தில் அதிகம் பயன்படாது. இம்மாணவிக்குக் கைகொடுத்தது, கல்லூரியில் சேர்ந்தபோது அலுவலகத்தில் ஒப்படைத்திருந்த நிழற்பிரதி. தன்னிடம் ஒரு பிரதியும் இல்லாமல், அந்நியர் கோப்பில் மட்டும் இருந்தது அதிர்ஷ்டமே.

அடுத்து, சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர் ஸ்தானிகராலயம். அங்கேதான் அவள் ஒரு முடிவு செய்ய வேண்டியிருந்தது. நாடு திரும்புவதற்கு மட்டுமான தற்காலிகப் பயணப் பத்திரம் விரைவில் கிடைக்கும். அதனுடன் இந்தியக் குடிவரவு அதிகாரியிடம் வெளியேறும் அனுமதியும் பெற்றால் திருமணத்துக்குச் சென்றுவிடலாம். ஆனால் திரும்பி வருவதற்கு விசா இராது. இலங்கையில் மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். இறுதிப் பரீட்சையோ திருமணத்துக்கு அடுத்த மாதம். முழுக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தால் அது கொழும்புத் திணைக்களத்துக்குச் சென்று திரும்ப வாரங்கள் பல ஆகும். தொலைத்ததற்கான தண்டப் பணமும் கட்டவேண்டும். அவள் காத்திருப்பதையே தெரிந்துகொண்டாள். புதிய கடவுச்சீட்டு ஏழாம் வாரத்தில் வந்தது. திருமணத்தை அவள் கைத்தொலைபேசித் திரையிலேதான் கண்டாள்.

புதிய புத்தகத்தில் விசாவும் இல்லை. இந்தியாவுக்குள் வந்ததற்கான முத்திரையும் இல்லை. எனினும் அவள் அங்கு தங்கும் உரிமை அழிந்துவிடவில்லை. நூற்றெண்பது நாட்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருவோர், வந்து 14 நாட்களுக்குள் அந்நியர் பிராந்தியப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும். அந்தப் பதிவு புத்தகத்தில் அன்று, அரசாங்கத்தின் ஏட்டில் இருக்கிறது. 2018 முதல் இவ்வலுவலகத்தின் பணிகள் இணையம் வழியாகவே நடைபெறுகின்றன. புதிய கடவுச்சீட்டு, பழையதன் பிரதி, பொலிஸ் அறிக்கை, கல்லூரியின் சான்றிதழ், வசிப்பிட அத்தாட்சி ஆகியவற்றைச் சேர்த்து, பழைய விசாவைப் புதிய கடவுச்சீட்டுக்கு மாற்றும்படி விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கு இரண்டு விஷயங்களைக் கவனித்தல் வேண்டும். மாற்றம் என்பது நீடிப்பு அன்று. ஏழு மாதத்தில் இரண்டு மாதம் கழிந்திருந்தால் எஞ்சிய ஐந்தே கிடைக்கும். இடையில் விசா முடிவடையுமாயின் நீடிப்புக்கும் தனியே விண்ணப்பிக்க வேண்டும். மற்றது, கிடைக்கும் பத்திரத்தில் பெயரும் புதிய இலக்கமும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகின்றனவா என்று உடனே பார்க்கவேண்டும். தந்தையின் பெயரை முன்னே எழுதும் நம் வழக்கத்தால் பெயர்கள் இடம் மாறுவது சாதாரணம்.

பழைய புத்தகம் பின்னர் அகப்பட்டால்? அதைக் கொண்டு பயணம் செய்தலாகாது. தொலைந்ததாக அறிவிக்கப்பட்ட கடவுச்சீட்டின் இலக்கத்தை, 2002 இல் ஆரம்பிக்கப்பட்ட சர்வதேசப் பொலிஸ் ஏட்டில் நாடுகள் பதிவு செய்வதுண்டு. எந்த விமான நிலையத்திலும் பிடிபடலாம். ஆதலால் வீட்டையும் பையையும் நன்கு தேடியபின் அறிவிப்பதே முறை. தேடுவதற்கு ஒருநாள் போதும்.

எல்லா நாடுகளும் இந்தியாவைப் போல விசாவை மாற்றித் தருவதில்லை. அமெரிக்கா தன் எல்லைக்குள் தொலைந்த விசாவுக்குப் பதில் விசா வழங்குவதில்லை. வருகைப் பதிவு செல்லுபடியாகும் வரை மாணவர் அங்கு தங்கிப் படிக்கலாம். ஆனால் ஒருமுறை நாட்டைவிட்டு வெளியேறினால், திரும்புவதற்கு வெளிநாட்டிலுள்ள தூதரகமொன்றில் புதிதாக விண்ணப்பித்தே ஆகவேண்டும்.