துளை ஏன் இடம் மாறியது?

ஃப்ரீகேட் மென்பொருளில் 100 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனத்தில் ஒரு தகடு வரைகிறீர்கள். மேல்முகத்தைச் சொடுக்கி, அதன்மேல் புதிய ஸ்கெட்ச் திறந்து, வட்டம் போட்டுத் துளையிடுகிறீர்கள். எல்லாம் சரி. பிறகு தகட்டின் ஒரு மூலையைச் சதுரமாக வெட்டிவிடலாம் என்று அடித்தள ஸ்கெட்சைத் திருத்துகிறீர்கள். மூடியதும் பார்த்தால், துளை பக்கச்சுவரில் போய் நிற்கிறது.

தகட்டுக்கு 6 முகங்கள். பழைய பதிப்புகள் அவற்றை வரிசை எண்ணால்தான் அடையாளம் வைத்துக்கொண்டன. சுற்றுச்சுவர்கள் நான்கும் முதலில், அடிமுகம் அடுத்து, மேல்முகம் கடைசியில். ஆக மேல்முகம் Face6. மூலையை வெட்டியதும் சுவர்கள் ஆறாகிவிட்டன, மேல்முகம் Face8 ஆகிவிட்டது. துளையின் ஸ்கெட்சோ இன்னமும் Face6-ஐயே பிடித்துக்கொண்டிருக்கிறது. இதைத்தான் ‘டோபாலாஜிகல் நேமிங்’ சிக்கல் என்கிறார்கள். மரப்பட்டியலில் சிவப்புக் குறி வந்தால் அதிர்ஷ்டம். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் துளை தவறான இடத்தில் விழுவதுதான் ஆபத்து.

2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு இதைப் பெருமளவு சரிக்கட்டியிருக்கிறது. ஒரு முகம் எந்தக் கோட்டிலிருந்து பிறந்தது என்பதை அது நினைவில் வைக்கிறது. ஆனால் அந்தக் கோட்டையே அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால் அதற்கும் வழி தெரியாது. அதனால் அழித்து வரையாதீர்கள், இருக்கிற கோட்டையே நகர்த்தியோ நறுக்கியோ திருத்துங்கள்.

இதைவிட உறுதியான வழி, முகத்தை நம்பாமலே வரைவது. துளையின் ஸ்கெட்சை XY தளத்தில் வையுங்கள். அதன் Attachment Offset-இல் z மதிப்பாக இந்தச் சூத்திரத்தைக் கொடுங்கள்:

```
Pad.Length
```

தகட்டின் கனம் 10-இலிருந்து 12 ஆனாலும் ஸ்கெட்சும் கூடவே உயரும். தளம் எங்கும் போகாது.

துளையின் இடத்தைக் குறிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். திடப்பொருளின் விளிம்பை எடுத்து அளந்தால் மறுபடி எண் சிக்கல்தான். அடித்தள ஸ்கெட்சின் இடது கீழ் மூலையை ஆதிப்புள்ளியில் வைத்து, கீழ்க்கோட்டின் 100 மி.மீ. அளவுக்கு width என்று பெயரிடுங்கள். வலது ஓரத்திலிருந்து 15 மி.மீ. உள்ளே துளை வேண்டுமென்றால், வட்ட மையத்தின் கிடைத்தூரம்:

```
Sketch.Constraints.width - 15 mm
```

விளிம்புகளை உருட்டும் ஃபில்லட் வேலையைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். அது விளிம்பைத்தான் பிடித்தாக வேண்டும், தப்பிக்க வழியில்லை. கடைசியில் இருந்தால், உடைந்தாலும் அதன்மேல் ஏறி நிற்கும் வேலை எதுவும் சரியாது.

முதல் துளை போட்ட கையோடு அடித்தளத்தின் அளவை மாற்றிப் பாருங்கள். துளை சரியாகக் கூடவே வந்தால் மேலே தொடருங்கள். வராவிட்டால் Attachment Support பெட்டியில் Face என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.